கோடு தெரிந்தாலே திரை ஆகிவிடுமா? வண்டிப் படங்களில் மொய்ரே, பிக்ஸல் வலை, கிளேர்

கேள்வி: காலாவதியான வண்டி இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும்போது வாடிக்கையாளரே செல்போனில் எடுத்து அனுப்பும் படங்களைச் சரிபார்ப்பது என் வேலை. சிலர் வண்டி அடிபடுவதற்கு முன்பு எடுத்த படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் போட்டு, அதை மறுபடி படமெடுத்து அனுப்புகிறார்கள். கோடு கோடாகத் தெரிந்தால் திரை என்று நிராகரித்துவிடுகிறோம். ஆனால் நிஜமாகவே வண்டி முன்னால் நின்று எடுத்தவர்களும் அதில் மாட்டுகிறார்கள். உறுதியாகச் சொல்ல என்ன வழி?

பதில்:

கோடு தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் தவறு வரும். கோடு எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். திரை என்பது ஒரே தட்டையான பரப்பு. அது விட்டுச்செல்லும் அடையாளம் மொய்ரே என்னும் அலைக்கோடாக இருந்தாலும், பிக்ஸல் வலையாக இருந்தாலும், கிளேர் என்னும் ஒளிப் பிரதிபலிப்பாக இருந்தாலும், படத்தில் இருக்கும் பொருள்களின் எல்லையை மதிக்காது. பானெட், பின்னால் இருக்கும் சுவர், மேலே வானம் என்று எல்லாவற்றின் மேலும் ஒரே போக்கில் பரவும். நேரில் எடுத்த படத்தில் வரும் கோடோ பளபளப்போ ஏதாவது ஒரு பொருளுக்குச் சொந்தமானது. அந்தப் பொருள் முடியும் இடத்தில் அதுவும் முடிந்துவிடும். கீழே சொல்லும் ஒவ்வொரு சோதனையும் இந்த வேறுபாட்டைத்தான் வேறு வேறு வழியில் பிடிக்கிறது.

சோதனைக்கு முன் ஒரு காரியம். படத்தை 100% அளவில் திறந்து பாருங்கள். அதாவது படத்தின் ஒரு பிக்ஸல் உங்கள் திரையின் ஒரு பிக்ஸலில் உட்கார வேண்டும். ஜன்னலுக்குள் அடங்குமாறு சுருக்கிப் பார்க்கும்போது, சுருக்கும் மென்பொருளே புதிதாகக் கோடுகளை உண்டாக்கிவிடும். நேர்மையான படங்கள் நிராகரிக்கப்படுவதற்கு இது ஒரு பெரிய காரணம். சந்தேகம் இருந்தால் ஜூமை 100, 67, 50 என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு ஜூமிலும் கோடுகள் வடிவம் மாறினால், 100% வைத்ததும் மறைந்தால், அவை உங்கள் திரையில் பிறந்தவை. படத்தோடு சேர்ந்து பெரிதாகி, சின்னதாகி, அதே இடத்தில் நின்றால் அவை கோப்பிலேயே இருக்கின்றன.

சரி, மொய்ரேக்கு வருவோம். கம்ப்யூட்டர் திரை என்பது பிக்ஸல்கள் வரிசையாக அடுக்கிய ஒரு வலை. கேமராவின் சென்சாரும் அப்படியே ஒரு வலை. இரண்டு கொசுவலைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தால், எந்த வலையிலும் இல்லாத பெரிய அலைகள் தெரியுமே, அதேதான் இங்கே நடக்கிறது. எத்தனை அலை வரும் என்பதை எளிதாகக் கணக்குப் போடலாம்: இரண்டு வலைகளின் வரிசை எண்ணிக்கைக்கு இடையே உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அத்தனை பட்டைகள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்காக 1920 நெடுவரிசைப் பிக்ஸல்கள். செல்போன் 16:9 வடிவில், 4000 பிக்ஸல் அகலத்தில் படமெடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கேமரா சென்சாரில் எல்லாப் பிக்ஸலும் எல்லா நிறத்தையும் பார்ப்பதில்லை. கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயரின் பெயரில் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான போன்களுக்கு அடிப்படை. அதில் சிவப்பைப் பார்க்கும் பிக்ஸல் ஒன்றுவிட்டு ஒரு நெடுவரிசையில்தான் இருக்கும்; நீலமும் அப்படியே. ஆகச் சிவப்புக்கு 2000 நெடுவரிசைதான். மானிட்டர் படத்தின் அகலத்தைச் சரியாக நிரப்பினால் 2000க்கும் 1920க்கும் வித்தியாசம் 80. படத்தின் குறுக்கே 80 பட்டைகள், ஒவ்வொன்றும் 50 பிக்ஸல் அகலம். இவ்வளவு பெரிய பட்டை கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

அந்தப் பட்டைகளுக்கு ஏன் நிறம் வருகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. எல்சிடி திரையின் ஒரு பிக்ஸலுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கீற்றுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. மூன்றும் ஒரே இடத்தில் இல்லாததால், மூன்று நிறத்தின் அலைகளும் சற்றுத் தள்ளித் தள்ளி விழுகின்றன. சிவப்பு அலை ஏறும் இடத்தில் பச்சை இறங்கும். அதனால்தான் வெள்ளைக் கார் மேல் இளஞ்சிவப்பு, பச்சை என்று மாறி மாறி ஓடும் மேகம் போன்ற பட்டைகள் தெரிகின்றன. சாம்பல் நிறத்தில் மட்டும் ஓடும் கோடுகளைவிட இந்த நிறப்பட்டை எனக்கு வலுவான சாட்சி. ஆனாலும் தனியாக நின்றால் போதாது. காரணம் சீக்கிரமே வரும்.

நடைமுறையில் உங்களுக்கு வரும் படங்கள் பெரும்பாலும் 4:3 வடிவில்தான் இருக்கும். அங்கே கணக்கு மாறும். 16:9 மானிட்டரில் ஓரச்சட்டம் விழாமல் 4:3 படம் எடுக்க வேண்டுமென்றால், உயரத்தில் 1080 வரிசையும் அகலத்தில் அதிகபட்சம் 1440 நெடுவரிசையும்தான் படத்துக்குள் வரும். 2000இல் 1440 போனால் 560 பட்டைகள். ஒவ்வொன்றும் 7 பிக்ஸல் அகலம்தான். சுருக்கிப் பார்த்தால் இது பட்டையாகவே தெரியாது. வண்டியின் மேல் ஏதோ மெல்லிய துணி போர்த்தியதுபோல ஒரு சொரசொரப்பு மட்டும் இருக்கும். பெரிய அலைகளை மட்டும் தேடிப் பழகியவர்கள் தவறவிடுவது இந்த வகையைத்தான். வெள்ளைப் பரப்பு ஒன்றை 200% வரை பெரிதாக்கிப் பார்த்தால் அகப்படும்.

படம் வாட்ஸ்அப் வழியாக வந்திருந்தால் இன்னொரு சுருக்கம் உண்டு. சாதாரணத் தரத்தில் அனுப்பினால் நீளப்பக்கம் ஏறக்குறைய 1600 பிக்ஸலுக்கு இறங்கிவிடும். முன்பு சொன்ன 50 பிக்ஸல் பட்டை 20 பிக்ஸலாகக் குறுகி அப்படியே பிழைத்துக்கொள்ளும். 7 பிக்ஸல் பட்டை 3 பிக்ஸலுக்கும் கீழே போய், பெரும்பாலும் ஜேபெக் அமுக்கலில் அழிந்துவிடும். ஆனால் சுருக்கும்போது 1600க்கும் 1440க்கும் இடையே 160 பட்டைகள் கொண்ட புது மொய்ரே லேசாக முளைக்கலாம். அதனால் ஒரே படத்தின் மூலக்கோப்பிலும் வாட்ஸ்அப் பிரதியிலும் வேறு வேறு கோடுகள் இருந்தால் குழம்ப வேண்டாம். முடிந்தவரை மூலக்கோப்பையே கேட்டு வாங்குங்கள்.

இப்போது நேர்மையான வாடிக்கையாளரை எது மாட்டிவிடுகிறது என்று பார்ப்போம். மொய்ரே வர ஒரு வலை வேண்டும். அது திரையாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. வண்டியிலேயே வலைகள் ஏராளம். முன்பக்க கிரில்லின் தேன்கூட்டு அமைப்பு, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், பின் கண்ணாடியில் பனி போக்கும் சூட்டுக் கம்பிகள், ஜன்னலில் மாட்டும் வலைத் திரைச்சீலை, சீட் கவரின் நெசவு என்று நிறைய. வண்டிக்கு வெளியேயும் கடையின் ரோலிங் ஷட்டர், தகரக் கூரை, கம்பிவலை வேலி எல்லாம் இருக்கின்றன. போதுமான தூரத்திலிருந்து எடுத்தால் இவை ஒவ்வொன்றும் கேமராவோடு சேர்ந்து நிறப்பட்டைகூடத் தரும்.

சாம்பல் நிறக் கார் ஒன்று மூடிய ஷட்டர் முன்னால் நிற்கும் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் முழுக்க வளைந்து வளைந்து அலைகள். கிரில்லிலும் கொஞ்சம். அவசரமாகப் பார்ப்பவர் திரை என்று நிராகரித்துவிடுவார். ஆனால் ஷட்டரின் ஓரத்தை நூல் பிடித்துப் பாருங்கள். ஷட்டர் முடிந்து சிமெண்ட் தூண் தொடங்கும் கோட்டில் அலை டக்கென்று நிற்கிறது. தூணில் ஒன்றுமில்லை. காரின் கூரைக்கு மேலே ஷட்டரில் இருக்கும் அலை கூரையின் மேல் ஏறவில்லை. கிரில்லின் அலை பம்பரில் இல்லை. ஷட்டரின் அலையும் கிரில்லின் அலையும் அகலத்திலும் திசையிலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கின்றன. இது நேரில் எடுத்த படம். அந்த மனிதரின் பாலிசியைத் தடுக்கக் கூடாது.

திரையிலிருந்து எடுத்த படத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். பானெட்டில் ஓடும் பட்டை, பானெட்டின் விளிம்பைத் தாண்டி, பின்னால் இருக்கும் சுண்ணாம்புச் சுவரில் அதே அகலத்தில், அதே சாய்வில் தொடரும். அதனால் நான் முதலில் பார்ப்பது வண்டியை அல்ல, எந்த வடிவமும் இல்லாத வெற்றுப் பரப்புகளைத்தான்: வானம், வெள்ளைச் சுவர், நம்பர் பிளேட்டின் காலி இடம். இயற்கையில் வானத்துக்கு வலை கிடையாது. அங்கே பட்டை இருந்தால் அது வேறெங்கிருந்தோ வந்தது.

இரண்டு துணை அடையாளங்கள் இதை உறுதிப்படுத்தும். ஒன்று, போனைக் கையில் பிடித்து எடுக்கும்போது திரைக்கு இம்மி பிசகாமல் நேராகப் பிடிக்க யாராலும் முடியாது. ஒரு பக்கம் சற்றே கிட்டத்தில், மறுபக்கம் சற்றே தள்ளி இருக்கும். அதனால் பட்டையின் அகலம் படத்தின் இடமிருந்து வலமாகப் படிப்படியாக மாறும். லென்ஸின் வளைவும் சேர்ந்து பட்டைகளை வில்லாக வளைக்கும். இந்த மாற்றம் படம் முழுவதும் ஒரே சீராக ஓடுவது ஒரே தட்டைப் பரப்பின் கையெழுத்து. இன்னொன்று, கறுப்பாகக் காட்டப்படும் திரைப் பிக்ஸல் ஒளியை ஏறக்குறைய விடுவதே இல்லை. ஒளி இல்லாத இடத்தில் வலையும் இல்லை. ஆகவே பட்டை வெளிச்சமான இடங்களில் வலுவாகவும், டயர், வண்டியின் அடிநிழல் போன்ற இருண்ட இடங்களில் காணாமலும் போகும். கறுப்புக் காரில் உடம்பைத் தேடிப் பயனில்லை. தரையையும் வானத்தையும் பாருங்கள்.

கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத படத்துக்கு ImageJ என்ற இலவச மென்பொருளைப் பரிந்துரைப்பேன். முதலில் `Image > Color > Split Channels` கொடுத்து சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரியுங்கள். இதைச் செய்யாமல் நேரடியாகக் கறுப்புவெள்ளையாக்கினால், சிவப்பு ஏறும்போது பச்சை இறங்குவதால் ஒன்றையொன்று ஈடுகட்டி, பட்டையே பாதி அழிந்துவிடும். பிரித்த சிவப்புப் படத்தில், வெற்றுப் பரப்பாக ஓர் இடத்தில் 512 × 512 சதுரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து `Process > FFT > FFT` கொடுங்கள். அந்தச் சதுரத்தில் எந்த இடைவெளியில் எந்தத் திசையில் கோடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதைப் புள்ளிகளாகக் காட்டும் ஒரு படம் வரும். சாதாரணச் சுவர் அல்லது வானம் என்றால் நடுவில் மங்கலான வெளிச்சமும் அதிகம் போனால் ஒரு சிலுவையும்தான் இருக்கும். மொய்ரே இருந்தால் நடுவிலிருந்து தள்ளி, எதிரெதிரே ஜோடி ஜோடியாகப் பளிச்சென்று புள்ளிகள் நிற்கும்.

புள்ளியின் மேல் கர்சரை வைத்தால், அந்தக் கோடு எத்தனை பிக்ஸலுக்கு ஒருமுறை வருகிறது என்பதை ImageJ எழுதிக் காட்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜேபெக் படத்தை 8 × 8 கட்டங்களாக வெட்டி அமுக்குகிறது. அதனால் நல்ல படத்திலும் மிகச் சரியாக 8, 4, 2.67, 2 பிக்ஸலில், கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் புள்ளிகள் வரலாம். அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். நாம் முன்பு பார்த்த 4:3 உதாரணத்தில் மொய்ரேயின் புள்ளி 7.1 பிக்ஸலில் வர வேண்டும். எட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் எட்டு அல்ல. கை சற்றே சாய்ந்திருந்தால் அச்சுக்கோட்டை விட்டு விலகியும் நிற்கும். ஜேபெக் புள்ளி ஒருபோதும் அச்சை விட்டு விலகாது. அது அங்கேயே நிற்கும்.

அதே எஃப்எஃப்டியில் இன்னொரு ஜோடிப் புள்ளி 2.78 பிக்ஸலில் தெரிந்தால், அது மொய்ரே அல்ல, திரையின் பிக்ஸல் வலையேதான். 4000ஐ 2.78ஆல் வகுத்துப் பாருங்கள்: ஏறக்குறைய 1440. ஃபுல் எச்டி மானிட்டரின் 1080 வரிசைகளை மேலிருந்து கீழ்வரை நிரப்பி எடுத்த 4:3 படத்துக்குச் சரியாகப் பொருந்துகிற எண். மொய்ரேயின் இடைவெளியும் வலையின் இடைவெளியும் இப்படி ஒன்றையொன்று ஒத்துக்கொண்டால், அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இருக்காது. ஷட்டரோ சீட் கவரோ வானத்தில் இப்படி இரண்டு எண்களைச் சேர்த்துப் போட முடியாது.

பிக்ஸல் வலையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால், ஒரு திரைப் பிக்ஸலுக்கு மூன்று, நான்கு கேமரா பிக்ஸலாவது கிடைத்திருக்க வேண்டும். நம் கணக்கில் 2.78தான் கிடைத்தது, அதனால் கட்டம் கட்டமாகத் தெரியாமல் வெறும் சொரசொரப்பாகத்தான் இருக்கும். ஆனால் நெருக்கத்தில் எடுத்த படங்களில் நிலைமை வேறு. சேஸிஸ் எண், ஓடோமீட்டர், கீறல் ஆகியவற்றின் குளோசப் அனுப்பச் சொல்வீர்கள் அல்லவா? பழைய படத்தைத் திரையில் போட்டுவிட்டுப் போனை மானிட்டருக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்திருந்தால், 700, 800 நெடுவரிசைதான் படத்துக்குள் வரும். ஒரு திரைப் பிக்ஸலுக்கு ஐந்து கேமரா பிக்ஸல். வெளுத்த இடத்தை 300%க்கு ஜூம் செய்தால், கறுப்பு இடைவெளியோடு செங்குத்தான சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். சேஸிஸ் எண்ணின் சாய்வான கோடுகள் படிக்கட்டுப் படிக்கட்டாக இருக்கும். உலோகத்தில் குத்திய எழுத்துக்குப் படிக்கட்டு வராது. இதைப் பார்த்துவிட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

மானிட்டருக்குப் பதில் இன்னொரு போனில் படத்தைக் காட்டி எடுத்தால் வலை அகப்படுவது அரிது. ஒரு இன்ச்சுக்கு 400 பிக்ஸல் உள்ள போன் திரையில் ஒரு பிக்ஸலின் அகலம் 0.06 மில்லிமீட்டர் அளவுதான். 15 சென்டிமீட்டர் நீளத் திரையை 4000 பிக்ஸல் அகலத்தில் நிரப்பி எடுத்தாலும், ஒரு திரைப் பிக்ஸலுக்கு இரண்டு கேமரா பிக்ஸல்கூடக் கிடைக்காது. மேலும் பல ஓஎல்இடி போன்களில் மூன்று கீற்று வரிசையே இல்லை. பச்சைப் புள்ளிகள் அதிகமாகவும், சிவப்பும் நீலமும் அதில் பாதியாகவும், குறுக்கு மறுக்காக அமைந்திருக்கும். அதனால் அங்கே மொய்ரே வந்தால் நேர் பட்டையாக இல்லாமல் சாய்சதுரக் கட்டங்களாக வரலாம். 27 இன்ச் 4கே மானிட்டரிலும் இதே கதை: வலை தெரியாது, மொய்ரேயும் மிக மெலிதாக இருக்கும். இதைவிட முக்கியமான வரம்பு ஃபோகஸ். லென்ஸ் கொஞ்சம் ஃபோகஸ் தவறினாலே வலையின் நுண்மை கரைந்து மொய்ரேயும் கூடவே போய்விடும். ஏமாற்றத் தெரிந்தவர்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஆக, மொய்ரே இல்லை என்பதால் படம் அசல் என்று எழுதிவிடாதீர்கள். நல்ல வெயிலில் எடுத்ததாகத் தோன்றும் படம் நம்பர் பிளேட்டின் சிறிய எழுத்துகூடப் படிக்க முடியாத அளவுக்கு முழுக்க ஒரே சீராக மழுங்கி இருந்தால், அதையும் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட படங்களில் கைகொடுப்பது கிளேர்தான். ஆனால் கார் என்பதே பளபளக்கும் பொருள் என்பதால் இங்கே கவனம் அதிகம் வேண்டும். பெயிண்ட்டில் விழும் டியூப் லைட்டின் பிரதிபலிப்பு வண்டியின் உடம்போடு வளையும். பானெட்டில் ஒரு வளைவு, ஃபெண்டரில் வேறு வளைவு, கதவு இடுக்கில் ஒரு வெட்டு. கண்ணாடியில் இருந்தால் கண்ணாடியோடு முடியும். திரையில் விழுந்த டியூப் லைட்டுக்கு வண்டியின் வளைவு தெரியாது. நேர்கோடாகப் பானெட்டில் தொடங்கி, விண்ட்ஷீல்டைக் கடந்து, பின்னால் இருக்கும் மரத்தின் மேலும் அதே நேர்கோடாகப் போகும். மரத்துக்கு அப்படிப் பளபளக்க ஒரு காரணமும் இல்லை. மேட் ஃபினிஷ் உள்ள மானிட்டரில் இது கோடாக இல்லாமல் பால் கலந்தது போன்ற ஒரு வெளிறலாக இருக்கும். அப்போது கறுப்பைப் பாருங்கள்: ஒரு டயர் கன்னங்கறுப்பாகவும், வெளிறல் விழுந்த பக்கத்து டயர் நீலம் கலந்த சாம்பலாகவும் இருந்தால், அந்த வெளிச்சம் வண்டி நின்ற இடத்தில் இருந்ததல்ல, மேலே வந்து சேர்ந்தது.

கிளேர் கண்ணுக்குத் தெரியாத படத்திலும் ஒன்று செய்யலாம். GIMP என்ற மென்பொருளில் `Colors > Levels` திறந்து, நடுவில் இருக்கும் முக்கோணத்தை இடப்பக்கம் நன்றாக இழுங்கள்; இருண்ட பகுதிகள் நன்றாக வெளுக்கும். வண்டியின் அடிநிழல், டயர் வளைவு, கறுப்பு டேஷ்போர்டு ஆகிய இடங்களைப் பாருங்கள். கண்ணாடி போன்ற திரையாக இருந்தால், போனைப் பிடித்திருக்கும் விரல்கள், சட்டையின் நிறம், பின்னால் இருக்கும் ஜன்னலின் சட்டம் ஆகியவை மெல்ல எழுந்து வரும். திரையில் படிந்த தூசியும் விரல்ரேகையும் தெரிந்தால் இன்னும் நல்லது. அவை திரையின் மேல்பரப்பிலேயே இருப்பதால், வண்டி மங்கலாக இருந்தாலும் அவை கூர்மையாக இருக்கும். லென்ஸில் ஒட்டிய தூசி இதற்கு நேரெதிர். அது எப்போதும் பெரிய மங்கலான வட்டமாகத்தான் விழும். எடுத்தவர் தன் உருவம் தன் காரின் கதவில் தெரியும்படி எடுத்திருந்தால் அது இயல்பானது. ஆனால் அந்த உருவம் கதவின் வளைவுக்கேற்ப நீண்டோ குறுகியோ இருக்கும், கதவோடு முடியும். இருட்டறையில் திரையிலிருந்து எடுத்த படத்தில் இவை எதுவும் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

படம் உங்கள் செயலியின் கேமரா வழியாகவே வந்து, மூலக்கோப்பு கையில் இருந்தால், இன்னொரு சாட்சி கிடைக்கும். தேதியும் ஜிபிஎஸ்ஸும் உதவாது. மறுபடி படமெடுக்கும் தந்திரமே அவற்றைப் புதிதாக்கத்தான். உதவுவது எக்ஸ்போஷர் விவரம். exiftool என்ற மென்பொருளில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் அது தெரியும்:

```
exiftool -FNumber -ExposureTime -ISO vandi.jpg
```

உச்சிவெயிலில் நிற்கும் வண்டியை எஃப்1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 50இல் எடுத்தால், கேமராவின் ஷட்டர் வேகம் 1/4000 நொடிக்கு அருகில் இருக்க வேண்டும். மானிட்டரின் வெளிச்சம் வெயிலில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. அதே லென்ஸில், அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் 1/100 பக்கம் வந்துவிடும். தரையில் நிழல் வெட்டியதுபோல விழுந்திருக்கிறது, வானம் பளீர் நீலம், ஆனால் ஷட்டர் 1/100, ஐஎஸ்ஓ 80 என்று இருந்தால் அந்த வெயில் திரைக்குள் இருந்த வெயில். மேகமூட்டத்திலோ ஷெட்டுக்குள்ளோ எடுத்த படத்துக்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள். அங்கே 1/100 சாதாரணம்.

எதற்கும் முடிவு வராத படங்கள் மிஞ்சும்போது நிராகரிப்பதைவிட மறுபடி ஒரு படம் கேட்பது நல்லது. அதே கோணத்தில் திரும்ப எடுக்கச் சொன்னால் திரும்பவும் திரையைத்தான் எடுப்பார்கள். நான் கேட்கச் சொல்வது நம்பர் பிளேட்டை இரண்டு மீட்டர் தூரத்தில் நின்று ஃபிளாஷ் போட்டு ஒரு படம், ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். 2019 ஏப்ரல் 1 முதல் பதிவாகும் புது வண்டிகளுக்கு உயர்பாதுகாப்புப் பதிவெண் பலகை கட்டாயம். அதன் முகப்பில் ஒட்டிய தாள், வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். நிஜப் பலகை ஃபிளாஷில் சுற்றியிருக்கும் பம்பரைவிடப் பல மடங்கு எரியும், எழுத்துகள் மட்டும் கறுப்பாக நிற்கும். திரையில் இருக்கும் பலகைக்கு ஃபிளாஷ் ஒன்றும் செய்யாது; கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழும், அதுவும் பலகை இருக்கும் இடத்திலேயே விழ வேண்டும் என்று இல்லை. பளிச்சென்ற வெயிலில் இந்த வித்தியாசம் குறைவாகத் தெரியும் என்பதால், வண்டியை நிழலுக்கு எடுத்துவந்தோ மாலையிலோ எடுக்கச் சொல்லுங்கள். பழைய வண்டியில் சாதாரண பெயிண்ட் பலகை இருந்தால், பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டரை வைத்து இதே சோதனையைச் செய்யலாம்.